கடைசி இலக்கம் யாருடையது? சிறிய அலுவலகத்துக்கு ஒரு வலையமைப்பு ஆவணம்

மட்டக்களப்பு நகரில், திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், இரண்டு மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து ஒரு கணக்கு அலுவலகம் இயங்குகிறது. பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். அங்கிருந்து எனக்கு வந்த முறைப்பாடு விசித்திரமானது. பிரிண்டர் காலையில் வேலை செய்வதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டு மணிக்குப் பிறகு மறுபடியும் முரண்டு பிடிக்கிறது. நான் போவதற்கு முன்பே கேபிளை மாற்றியிருந்தார்கள். மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவியிருந்தார்கள். புதிய பிரிண்டருக்கு விலை கேட்டும் வைத்திருந்தார்கள்.

பிரிண்டரின் முகவரி 192.168.1.20 என்று சுவரில் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் இருந்தது. ஒரு கணினியிலிருந்து அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் ‘வலையமைப்பில் குறையில்லை, பிரிண்டரில்தான் குறை’ என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். பதில் வருகிறது என்பது சரி. பதில் சொல்வது பிரிண்டர்தானா என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க இரண்டாவது கட்டளை இருக்கிறது:

```
ping 192.168.1.20
arp -a 192.168.1.20

192.168.1.20    da-4f-31-0c-9e-72    dynamic
```

நடுவில் இருப்பது மெக் முகவரி. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒன்று உண்டு. பிரிண்டரின் பின்புறச் சிட்டையில் அச்சிட்டிருந்த மெக் முகவரி 00 என்று தொடங்கியது. திரையில் இருப்பதோ da என்று தொடங்குகிறது. ஆகவே பதில் சொல்வது வேறொரு கருவி. அந்த da-வில் இரண்டாவது எழுத்தைக் கவனியுங்கள். அந்த இடத்தில் 2, 6, a, e ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட முகவரி அல்ல, மென்பொருள் சூட்டிக்கொண்ட முகவரி. இன்றைய கைபேசிகள் வைஃபையில் சேரும்போது பெரும்பாலும் அப்படித்தான் ஒன்றைச் சூட்டிக்கொள்கின்றன. நான் கைபேசியைத் தேடினேன். அது இளம் எழுதுவினைஞர் ஒருவருடையது. அவர் மத்தியானம் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் பிரிண்டருக்கு உயிர் வந்துவிடும்.

நடந்தது இவ்வளவுதான். பிரிண்டருக்கு யாரோ ஒருவர் கையால் .20 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அந்த அலுவலகத்து ரவுட்டர் .2 முதல் .254 வரை எல்லா முகவரிகளையும், வருகிற கருவிகளுக்கு வரிசையில் வழங்கிக்கொண்டிருந்தது. இந்த வழங்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். இரவில் பிரிண்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். காலை எட்டு மணிக்கு முதலில் வருகிற தம்பியின் கைபேசி முகவரி கேட்கும்; .20 அப்போது அமைதியாக இருப்பதால் ரவுட்டர் அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். எட்டரைக்குப் பிரிண்டர் விழிக்கும்போது ஒரே முகவரிக்கு இரண்டு உரிமையாளர்கள். முன்பு கொடுத்த முகவரியையே அதே கருவிக்குத் திரும்பக் கொடுக்க ரவுட்டர் முயலும் என்பதால், மறுநாளும் அதே தம்பிக்கு அதே .20.

பிரிண்டரில் பழுதில்லை. கைபேசியிலும் ரவுட்டரிலும் பழுதில்லை. ‘இந்த இலக்கம் இவருடையது’ என்று எழுதிய ஒரு தாள் அந்தக் கந்தோரில் இல்லை, அவ்வளவுதான். அந்தத் தாளைத்தான் வலையமைப்பு வடிவமைப்பு ஆவணம் என்கிறோம். பெயர் பெரிது, இத்தகைய அலுவலகத்துக்கு ஐந்து ஆறு பக்கம் தாராளம். அதற்குள் இருக்க வேண்டியவை முகவரித் திட்டம், வரைபடங்களும் அவற்றின் விளக்கமும், மாற்ற விதிகள். அந்த அலுவலகத்துக்கு நான் எழுதியதையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முகவரித் திட்டம்

ஐபி முகவரி என்பது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். நம் அளவிலான வேலைக்கு, முதல் மூன்று எண்களும் சேர்ந்து வீதியின் பெயர், கடைசி எண் வீட்டு இலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வீதியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நேரே கூப்பிடுவார்கள். வேறு வீதிக்குப் போவதானால் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வீதியில் பயன்படுத்தக்கூடிய வீட்டு இலக்கங்கள் 1 முதல் 254 வரை. ஆவணங்களில் முகவரிக்குப் பின்னால் /24 என்று எழுதுவதும், கணினியில் 255.255.255.0 என்று நிரப்புவதும் இந்தப் பிரிப்பைத்தான் சொல்கின்றன.

அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ள உலகம் முழுவதற்கும் மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. 1996இல் எழுதப்பட்ட RFC 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதைச் சொல்கிறது. இவை இணையத்தில் செல்லாது. அதனால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம்.

கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 192.168.1 அல்லது 192.168.0 என்ற வீதியோடு வருகின்றன. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். நான் விடுவதில்லை. காரணம், அந்த அலுவலகத்தின் முதலாளி வரிக் காலத்தில் வீட்டிலிருந்தும் வேலை செய்பவர். வெளியில் இருக்கும் கணினியை இணையம் வழியாக அலுவலக வலையமைப்புக்குள் சேர்க்கும் விபிஎன் மூலம், வீட்டிலிருந்தே அலுவலகத்துக் கோப்புச் சேவையகத்தைத் திறக்க வேண்டும். அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்ற வீதிதான். மடிக்கணினியிடம் 192.168.1.10 வேண்டும் என்றால், ‘அது என் சொந்த வீதி அல்லவா’ என்று நினைத்துக்கொண்டு அது வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் இணைந்துவிட்டது என்று திரை சொல்லும். கோப்பு மட்டும் திறக்காது.

ஆகவே வீட்டில் யாரும் எளிதில் வைத்திராத வீதி வேண்டும், அதே நேரம் நினைவில் நிற்கவும் வேண்டும். மட்டக்களப்பின் தொலைபேசிக் குறியீடு 065. ஆகவே 10.65 என்று தொடங்கினேன். அவர்கள் கல்முனையில் ஒரு கிளை திறக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதன் குறியீடு 067. அந்தக் கிளை 10.67 ஆகும். அம்பாறை நகரில் திறந்தால் 10.63. எண்ணைப் பார்த்ததும் ஊர் தெரியும். பிறகு கிளைகளை இணைக்கும்போது இரண்டு ஊரில் ஒரே முகவரி என்ற சிக்கலும் வராது.

மூன்றாவது எண், என்ன வேலை என்பதைச் சொல்கிறது. 10.65.10 அலுவலகக் கணினிகள், 10.65.20 கண்காணிப்புக் கமராக்கள், 10.65.30 விருந்தினர் வைஃபை. ஊழியர்களின் கைபேசிகளும் விருந்தினர் பக்கம்தான். அந்தத் தம்பிக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் கணக்குக் கோப்புகள் இருக்கும் வீதியில் கைபேசிகளுக்கு வேலையில்லை. விருந்தினர் வீதியிலிருந்து இணையத்துக்கு மட்டுமே போகலாம். கமராக்கள் இணையத்துக்குப் போகக் கூடாது. அலுவலக வீதியிலிருந்து அவற்றைப் பார்க்கலாம். இந்த இரண்டு தடைகளும் ரவுட்டரில் எழுதப்பட்டுள்ளன என்பதையும் ஆவணத்தில் குறித்தேன்.

கருவிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். ஒரே கேபிள், ஒரே சுவிட்சில் மூன்று வீதிகளைப் பிரித்து ஓட்டும் முறைக்கு வி-லான் என்று பெயர். எல்லாச் சுவிட்சும் இதைச் செய்யாது. உள்ளமைவுப் பக்கம் இல்லாத, செருகினால் ஓடுகிற மலிவுச் சுவிட்சில் இப்படிப் பிரிக்க முடியாது. அப்படிப்பட்டதுதான் கையில் இருக்கிறது என்றால், ரவுட்டரிலேயே உள்ள விருந்தினர் வைஃபை வசதியை இயக்கிவிட்டு, மற்ற இரண்டையும் ஒரே வீதியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத வசதியை ஆவணத்தில் எழுதி வைப்பதைவிட அது மேல்.

இனி வீட்டு இலக்கங்கள். பிரிண்டர் கதையின் தீர்வு இங்கேதான் இருக்கிறது. 10.65.10 வீதியை இப்படி வெட்டினேன்:

```
10.65.10.1          ரவுட்டர்
10.65.10.2 - 9      சுவிட்ச், வைஃபை பெட்டிகள்
10.65.10.10 - 19    கோப்புச் சேவையகம்
10.65.10.20 - 39    பிரிண்டர்கள், கைரேகை இயந்திரம்
10.65.10.40 - 99    வெற்று
10.65.10.100 - 199  டிஎச்சிபி வழங்குவது
10.65.10.200 - 254  வெற்று
```

கையால் எழுதும் முகவரி எதுவும் 99க்கு மேல் போகாது. ரவுட்டர் தானாக வழங்குவது எதுவும் 100க்குக் கீழே வராது. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. இந்த அலுவலகத்தில் பதினொரு மேசைக் கணினிகளும் மூன்று மடிக்கணினிகளும் உண்டு. நூறு முகவரி தேவைக்கு அதிகம்தான். ஆனால் இங்கே இடம் இலவசம். நெருக்கிப் போட்டால், பிறகு ஒன்று சேர்க்கும்போது வரிசை குலையும்.

பிரிண்டர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அவற்றில் கையால் முகவரி எழுதினால், பழுது பார்க்க வருபவர் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்கு மீட்டுவிட்டுப் போகும் நாளில் அது போய்விடும். அதனால் ரவுட்டரிலேயே ‘இந்த மெக் முகவரி வந்தால் .20ஐ மட்டும் கொடு’ என்று ஒதுக்கீடு செய்தேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. மின்னல் ரவுட்டரைத் தின்றுவிட்டால் ஒதுக்கீடும் அதோடு போகும். ஆகவே ஒவ்வொரு பிரிண்டரின் மெக் முகவரியும் ஆவணத்தில் இருக்க வேண்டும். புதிய ரவுட்டரில் பத்து நிமிடத்தில் திரும்ப எழுதிவிடலாம். சில ரவுட்டர்கள், வழங்கும் எல்லைக்குள் இருக்கும் முகவரியை மட்டுமே ஒதுக்க விடும். அப்படியானால் பிரிண்டர்களை 190களில் வைத்து, அதை ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

படமும் அதன் விளக்கமும்

இரண்டு படம் வேண்டும். ஒன்று பொருள்கள் எங்கே இருக்கின்றன, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்பது. மற்றது மூன்று வீதிகளும் ரவுட்டரில் எப்படிச் சந்திக்கின்றன, யார் யாரிடம் போகலாம் என்பது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் எதுவும் புரியாது.

படத்தைவிட நான் நம்புவது அதன் கீழே எழுதும் விளக்கத்தைத்தான். கேபிள் மாறும்போது படத்தைத் திரும்ப வரைய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஒரு வரியைத் திருத்த எல்லோருக்கும் முடியும். தொலைபேசியில் ஒருவருக்கு வாசித்துக் காட்டவும் வரிகள்தான் உதவும். அந்த அலுவலகத்தின் விளக்கம் இப்படித் தொடங்குகிறது:

‘இணைய நிறுவனத்தின் ஃபைபர் முன் அறையில், சாளரத்தின் இடப்பக்கம் உள்ள வெள்ளைப் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து சாம்பல் நிறக் கேபிள் மாடிப்படித் திருப்பத்தில் உள்ள அலுமாரிக்கு ஏறுகிறது. அலுமாரியின் மேல் தட்டில் ரவுட்டர், நடுத் தட்டில் 24 போர்ட் சுவிட்ச், கீழ்த் தட்டில் யூபிஎஸ். சுவிட்சின் 1ஆம் போர்ட் ரவுட்டருக்கு. 2, 3 வைஃபை பெட்டிகளுக்கு. 4 கோப்புச் சேவையகத்துக்கு. 5 கீழ்மாடிப் பிரிண்டருக்கு. 6 மேல்மாடிப் பிரிண்டருக்கு. 7 கைரேகை இயந்திரத்துக்கு. 23 கமராப் பதிவுப் பெட்டிக்கு, இது 10.65.20 வீதி. 24 வெற்று.’

அலுமாரி ஏன் மாடிப்படித் திருப்பத்தில்? முன்பு அது கீழே, நிலத்தில், கோப்புகளுக்குப் பின்னால் இருந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊரில் சுவிட்சை நிலத்தில் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. இந்தக் காரணத்தையும் விளக்கத்தில் ஒரு வரியாக எழுதினேன். இல்லாவிட்டால், ‘மாடிப்படியில் இது என்ன அசிங்கமாக’ என்று அடுத்து வருபவர் இறக்கி வைத்துவிடுவார்.

கேபிளின் இரு முனையிலும் போர்ட் எண்ணைச் சிட்டையாக ஒட்ட வேண்டும். நீளத்தையும் எழுதலாம். செப்புக் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரைதான். இந்த வீட்டுக்குள் அந்த எல்லையை எட்ட வழியில்லை; ஆனால் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில், அலுவலகத்திலிருந்து வாசலில் உள்ள லொறித் தராசுக்கு 140 மீட்டர் செப்பு இழுத்துவிட்டு, இணைப்பு ஏன் விட்டுவிட்டு வருகிறது என்று கேட்டார்கள். ஃபைபர் போட்ட பிறகுதான் சரியானது.

கடவுச்சொல் எதுவும் இந்த ஆவணத்தில் இருக்கக் கூடாது. அவை ஒட்டிய உறையில், முதலாளியின் பூட்டிய மேசையில். ஆவணம் பலர் பார்ப்பதற்கு.

மாற்ற விதிகள்

பிரிண்டர் சிக்கல் தீர்ந்து சில வாரங்களில் மறுபடியும் அழைப்பு வந்தது. மேல்மாடியில் நான்கு பேருக்குச் சேவையகம் திறக்கவில்லை. இம்முறை நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கட்டளையை அடிக்கச் சொன்னேன்:

```
ipconfig
```

‘முகவரி என்ன வருகிறது?’ என்று கேட்டேன். ‘192.168.0.103 அண்ணன்’ என்றார் அந்தத் தம்பி. அந்தக் கட்டடத்தில் 10.65 என்று தொடங்காத முகவரி இருக்கவே கூடாது. ஆகவே வெளியிலிருந்து வந்த ஒரு ரவுட்டர் தன் பாட்டில் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. விசாரித்தால், மூலை அறையில் வைஃபை எட்டவில்லை என்று ஒருவர் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர்ச் சொக்கட்டில் செருகியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். கணினி முகவரி கேட்கும்போது எந்த ரவுட்டர் முதலில் பதில் சொல்கிறதோ அதையே நம்பும். மூலை அறைக்கு அருகில் இருந்தவர்கள் என்பதால் அல்ல, அந்தக் காலையில் கணினியைத் திறந்த நேரத்தால் அந்த நால்வரும் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எழுதியவைதான் மாற்ற விதிகள். நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பதால் அரைப் பக்கத்தில் நிறுத்தினேன்.

சுவிட்சிலோ சுவர்ச் சொக்கட்டிலோ ஒன்றைச் செருகுவதற்கு முன் ஆவணத்தில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். செருகிய பிறகு எழுதலாம் என்றால் எழுதப்படுவதில்லை. ஆவணத்தைத் திருத்தும் பேனா ஒருவர் கையில் மட்டும். இங்கே அது அலுவலக முகாமையாளர். நான் போனாலும் அவரிடம் சொல்லித்தான் தொட வேண்டும். ரவுட்டர் அல்லது சுவிட்சின் அமைப்பை மாற்றும் முன் அப்போதைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்து, திகதியைப் பெயராக இட வேண்டும். மாற்றம் மாலை நான்கரைக்குப் பிறகு. நவம்பர் கடைசி இரண்டு வாரங்களில் எந்த மாற்றமும் இல்லை. வருமான வரி விவரத் திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். மழையும் மின்னலும் வேறு அந்த நேரத்தில்தான். பழுதைத் திருத்துவது மட்டும் இதற்கு விலக்கு, அதுவும் மறுநாளே எழுதப்பட வேண்டும்.

அந்தப் பழைய ரவுட்டரை நாங்கள் தூக்கி எறியவில்லை. மூலை அறைக்கு வைஃபை தேவை என்பது உண்மைதானே. முகாமையாளர் பதிவேட்டில் முதல் வரியாக அதையே எழுதினார்: எதற்காக, யார் கேட்டது, என்ன செய்யப்படும், சரிவராவிட்டால் எப்படித் திரும்புவது, சரிவந்ததை எப்படி அறிவது. செய்தது இது. ரவுட்டரை ஒரு மடிக்கணினியில் மட்டும் இணைத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்தினோம். அதன் முகவரியை 10.65.10.5 ஆக்கினோம். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அலுவலகத்தில் உள்ளது போலவே வைத்தோம். பிறகு, இணையக் கேபிளுக்கான தனி நிறப் போர்ட்டை விட்டுவிட்டு, மற்ற நான்கில் ஒன்றில் கேபிளைச் செருகினோம். தனி நிறப் போர்ட்டில் செருகினால் அது அந்த மூலைக்கு இன்னொரு வீதியை உண்டாக்கிவிடும். திரும்பும் வழி சுலபம்: கேபிளைப் பிடுங்குவது. சரிபார்ப்பு: மேல்மாடியில் இரண்டு கணினிகளை மீண்டும் தொடக்கி, முகவரி 10.65.10.100க்கும் 199க்கும் இடையில் வருகிறதா என்று பார்ப்பது. வந்தது. இந்தப் பழைய ரவுட்டருக்கு வி-லான் தெரியாது. ஆகவே அதன் வழியாகச் சேரும் எல்லாமே அலுவலக வீதிக்குத்தான் போகும். அதன் கடவுச்சொல் கைபேசிகளுக்குக் கொடுக்கப்படக் கூடாது என்று வரியின் கடைசியில் சேர்த்தோம்.

ஆவணத்தின் ஒரு பிரதி கோப்புச் சேவையகத்தில் இருக்கிறது. இன்னொன்று அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் இட்டு, மாடிப்படி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. வலையமைப்பு விழுந்த நேரத்தில் சேவையகத்தில் உள்ள பிரதியை யாராலும் திறக்க முடியாது.

வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சுவிட்சின் போர்ட்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கடந்த முறை 24ஆம் போர்ட்டில் விளக்கு மினுங்கியது. தாளில் அது வெற்று. கேபிளைத் தொடர்ந்து போனால் கூட்ட அறையில் புதிதாக மாட்டிய தொலைக்காட்சி. வாங்கியவரே முகாமையாளர்தான். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். தொலைக்காட்சி வைஃபை வழியாக 10.65.30 வீதிக்குப் போனது, 24ஆம் போர்ட் மறுபடியும் வெற்று.